வேலைநிறுத்தச் செய்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தை அடுத்துள்ள சாம்சங் ஆலையில், 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை நீடித்தது. சங்க அங்கீகாரம், ஊதிய உயர்வு, வேலை நேரம் ஆகியவை கோரிக்கைகளில் முக்கியமானவை. அதைப் பற்றிய செய்தி வரைவு ஒன்றில் பின்வரும் வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். இது விளக்கத்திற்காக எழுதப்பட்டது.

“வெளியாட்களின் தூண்டுதலால் சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் குதித்த ஊழியர்கள், ஏற்கெனவே மாதம் 25,000 ரூபாய் பெற்றும் 36,000 ரூபாய் கேட்டு அடம்பிடிப்பதால் உற்பத்தி முடங்கியது.”

‘அடம்பிடிப்பது’, ‘குதித்த’ ஆகிய சொற்களின் சாய்வு எளிதில் கண்ணில் படும். ‘கோரிக்கையில் உறுதியாக உள்ளனர்’, ‘வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர்’ என மாற்றினால் போதும். அவற்றோடு நின்றுவிடுவதே பல செய்தி ஆசிரியர்கள் செய்யும் தவறு. ஏனெனில் இந்த வாக்கியத்தின் பெரிய சிக்கல்கள் சாதாரணமாகத் தோன்றும் சொற்களில்தான் இருக்கின்றன.

‘சட்டவிரோத’ என்பது ஒரு சட்ட முடிவு. அன்று நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், எந்தச் சூழ்நிலைகளில் வேலைநிறுத்தம் சட்டத்திற்குப் புறம்பானது என்று வரையறுத்திருந்தது. நிறுவனம் அப்படிக் கூறினால் ‘சட்டவிரோதமானது என்று நிறுவனம் கூறுகிறது’ என்று எழுதி, சங்கத்தின் மறுமொழியையும் சேர்க்க வேண்டும். நீதிமன்றமே அவ்வாறு தீர்ப்பளித்திருந்தால், அந்தத் தீர்ப்பைச் சுட்டித் தயங்காமல் எழுதலாம். ‘வெளியாட்கள்’ என்பதும் அப்படித்தான். சங்கத்தை வழிநடத்தியவர்களில் சி.ஐ.டி.யு. என்னும் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் நிர்வாகிகள் இருந்தனர். ஆலையில் பணியாற்றாதவர்களும் வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் சங்கப் பொறுப்பாளர்களாக இருக்க 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இடமளித்தது. ஆகவே ‘சி.ஐ.டி.யு. ஆதரவு பெற்ற சங்கம்’ என்பதே உண்மையை முழுதாகச் சொல்கிறது.

அடுத்தது ‘ஏற்கெனவே’. தமிழில் இத்தகைய சிறு சொற்களும் இடைச்சொற்களும் தீர்ப்பையே சுமந்து வரக்கூடியவை. ‘ஏற்கெனவே 25,000 பெற்றும்’ என்றால் பேராசை என்று தோன்றும். ‘25,000 மட்டுமே பெறும்’ என்றால் சுரண்டல் என்று தோன்றும். எண் ஒன்றுதான். இரண்டையும் நீக்கி, சராசரி ஊதியம் சுமார் 25,000 ரூபாய் என்பதையும், அதை மூன்று ஆண்டுகளில் 36,000 ஆக உயர்த்த வேண்டும் என்பதே கோரிக்கை என்பதையும் எழுத வேண்டும். மூன்று ஆண்டு என்ற விவரம் விடுபட்டால், ஒரே மாதத்தில் உயர்வு கேட்டதாக வாசகர் எண்ணிவிடுவார். அந்த விடுபடலும் ஒரு சாய்வே. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு ஆலை இயங்கிய நிலையில் ‘முடங்கியது’ என்பதும் மிகை. ‘பாதிக்கப்பட்டது’ என எழுதி, பாதிப்பின் அளவை யார் மதிப்பிட்டார்கள் என்று குறிப்பிட வேண்டும்.

தொழிலாளர்கள் மீது அன்பு கொண்டு எழுதும் வரைவிலும் இதே தவறுகள் மறுபக்கமாக வரும். வேலைக்குச் சென்றவர்களைக் ‘கருங்காலிகள்’ என்பது மேடைப் பேச்சுக்கு உரியது. செய்தியில் ‘வேலைநிறுத்தத்தில் சேராமல் பணிக்கு வந்தவர்கள்’ என்றே இருக்க வேண்டும்.

இந்தப் போராட்டத்தில் மிகவும் கவனம் தேவைப்பட்ட இடம் அக்டோபர் 7. அன்று நிறுவனம் தொழிலாளர்களில் ஒரு பிரிவினருடன் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. வேலைநிறுத்தம் செய்த சங்கம் அதை ஏற்கவில்லை. ‘தொழிலாளர்களுடன் உடன்பாடு எட்டப்பட்டது, ஆனாலும் போராட்டம் தொடர்கிறது’ என்று எழுதினால், அதில் ஒரு சொல்கூடக் கடுமையானதாக இல்லாமலேயே, உடன்பட்ட பிறகு வாக்கு மாறியவர்கள் என்ற பழி போராடுபவர்கள் மீது விழுந்துவிடுகிறது. யார் கையெழுத்திட்டார்கள், யார் இடவில்லை என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதுதான் இதற்குத் தீர்வு. ‘எட்டப்பட்டது’, ‘அகற்றப்பட்டது’ போன்ற செயப்பாட்டு வினை வரும்போதெல்லாம், செய்தவர் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ‘போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது’ என்னும் வரியில் மறைந்திருப்பது காவல்துறை.

கதை எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் சாய்வை உண்டாக்கும். செப்டம்பர் 9இல் தொடங்கினால் தொழிலாளர்களே சிக்கலை உருவாக்கியவர்களாகத் தெரிவார்கள். சங்கத்தைப் பதிவு செய்யும் கோரிக்கை அதற்கு முன்பே எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் காலக்கெடு விதித்த பின், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. முன்வரலாற்றுக்கு இரண்டு வரிகளாவது வேண்டும். நிறுவனத்தின் வாதத்திற்கும், அதாவது தன் ஊதியம் அப்பகுதியின் ஒத்த தொழிலாளர்களின் சராசரியைப் போல 1.8 மடங்கு என்று அது கூறியதற்கும், அதே அளவு இடம் வேண்டும்.

திருத்திய வாக்கியங்கள் இவ்வாறு அமையலாம்: “சி.ஐ.டி.யு. ஆதரவு பெற்ற சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள், சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கோரி செப்டம்பர் 9 முதல் வேலைநிறுத்தம் செய்கின்றனர். தற்போது சுமார் 25,000 ரூபாயாக உள்ள சராசரி மாத ஊதியத்தை மூன்று ஆண்டுகளில் 36,000 ஆக உயர்த்துமாறு அவர்கள் கேட்கின்றனர். வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது என்று நிறுவனம் கூறுகிறது. சங்கம் இதை மறுக்கிறது. உற்பத்தி பாதிக்கப்பட்டுள்ளது.”