புதிய பல் கிளினிக் கிளை திறக்கிறீர்களா? அறிவிப்பை இப்படி எழுதுங்கள்

'துளியும் வலியில்லாத ரூட் கெனால், 100% உத்தரவாதம்' என்ற வரி இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லின் நரம்பு கடுமையாக வீங்கியிருந்தால், ஒரு மரப்பு ஊசி போட்டும் சிலருக்கு முழுதாக மரக்காது. அந்த வரியை நம்பி வந்தவர் நாற்காலியிலேயே நம்பிக்கை இழப்பார்.

அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "சிகிச்சைக்கு முன் மரப்பு ஊசி போடுவோம். மரத்துவிட்டதா என்று பார்த்த பிறகே தொடங்குவோம். நடுவில் வலித்தால் கையை உயர்த்துங்கள், நிறுத்திவிட்டு மறுபடி மருந்து கொடுப்போம். உதடு சில மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை மென்று சாப்பிட வேண்டாம். அடுத்த சில நாள் கடிக்கும்போது லேசாக வலிக்கலாம். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே அழையுங்கள்." பயந்தவருக்கு இதுதான் தெம்பு, என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது.

'ஒரே அமர்வில் முடியும்' என்றும் வேண்டாம். சீழ் இருந்தால் இரண்டு மூன்று முறை வரவேண்டியிருக்கலாம். 'எக்ஸ்ரே பார்த்தபின் எத்தனை முறை, எவ்வளவு செலவு என்று எழுதித் தருவோம்' என்றால் போதும்.

பழைய கிளையின் மருத்துவர் இங்கே எந்தெந்த நாள் இருப்பார், பழைய எக்ஸ்ரேக்கள் இங்கும் கிடைக்குமா என்பதையும் சேர்த்துவிடுங்கள். பழைய நோயாளிகள் முதலில் கேட்பது அதைத்தான். சிகிச்சைக்கு முன், பின் படங்களையும் 'நம்பர் 1' பட்டத்தையும் விட்டுவிடுங்கள். மாடியில் கிளினிக் என்றால் லிஃப்ட் உண்டா என்று ஒரு வரி.