வார்ட்டில் பொங்கல் அலங்காரம்: நின்று பார்ப்பவரின் தவறுகள்

திருகோணமலையில் ஒரு முதியோர் இல்ல மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு ஆறாகப் பன்னிரண்டு கட்டில்கள், நடுவில் நடைபாதை. பொங்கலுக்கு முதல் நாள் இளைஞர்கள் வந்து அலங்கரிக்கிறார்கள். எல்லாவற்றையும் நின்றபடிதான் பார்க்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அதனால்தான் வருகின்றன.

முதல் தவறு, ஒவ்வொருவர் தலைமாட்டிலும் பூவும் கடதாசியும் ஒட்டுவது. படுத்திருப்பவரால் தன் தலைமாட்டைப் பார்க்க முடியாது. அவர் கண்ணில் படுவது எதிர்ச்சுவரும் கூரையும்தான். ஆஸ்பத்திரி வார்ட்டில் தலைமாட்டில்தான் ஒட்சிசன் குழாயும் அழைப்பு மணியும் இருக்கும், அவசரத்துக்குக் கை போகிற இடத்தை மறைக்கவே கூடாது. அதற்குப் பதிலாக இரண்டு நீளச் சுவர்களிலும் ஆறடி உயரத்தில் சுவரோடு ஒட்டி ஒவ்வொரு தோரணம் கட்டுங்கள். ஒரு வரிசைக்காரர் எதிர் வரிசையின் தோரணத்தைப் பார்ப்பார். மண்டபத்தின் குறுக்கே கட்டினால் மின்விசிறியில் சிக்கும். கட்டி முடித்ததும் காலியான கட்டில் ஒன்றில் படுத்துப் பாருங்கள், தெரியாததைக் கழற்றிவிடலாம்.

தென்னங்குருத்து வெளிர் மஞ்சள். வெள்ளைச் சுவரில் கட்டினால் கண்புரை உள்ளவருக்குச் சுவரும் தோரணமும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு குருத்தோலைக்கு ஒரு மாவிலை என்று மாற்றி மாற்றிக் கோர்த்துக் கட்டுங்கள், இல்லையேல் பின்னால் சிவப்புத் துணிப்பட்டை விடுங்கள். வெள்ளிச் சரிகைக் கடதாசி வேண்டாம், அதன் பளபளப்பு அந்தக் கண்களைக் கூசவைக்கும். இன்னொன்று: செத்தவீட்டுக்கும் குருத்தோலைத் தோரணம் கட்டுவோம், மடிப்புத்தான் வேறு. தெரியாமல் மடித்துவிட்டால் கட்டிலில் இருக்கும் ஆச்சிமார் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓலையை அவர்களிடமே கொடுத்துப் பின்னச் சொல்வது நல்லது. அலங்காரத்தைவிட அந்த அரைமணி நேரம்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

அடுத்தது கோலம், ஆபத்து அதிகம் உள்ள இடம். தை மாதத்தில் இங்கே வடகீழ்ப் பருவமழை முற்றாக விட்டிருக்காது, வாசலில் ஈரக்கால்கள் வந்துகொண்டே இருக்கும். வழுவழுப்பான தரையில் அரிசிமா ஈரப்பட்டால் வழுக்கும். ஊன்றுகோலின் ரப்பர் நுனியும் அதில் பிடிக்காது. நிறக் கோலமென்றால், மறதி நோய் உள்ளவர்களுக்குத் தரையில் கருமையாகத் தெரியும் நிறம் குழியாகத் தோன்றலாம். தாண்டப் போய்க் கால் தடுமாறுவார்கள். மாவுக்கு எறும்பும் வரும், எறும்பு கட்டில் வரை போகும்.

ஆகவே கோலத்தைத் தரையில் போடாதீர்கள். இரண்டடிச் சதுரப் பலகையை மேசைமேல் வைத்து, ஊறவைத்து அரைத்த அரிசிமாக் கரைசலால் போடுங்கள். காய்ந்தபின் காற்றில் பறக்காது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் மேசைக்கு அருகே வந்து ஒரு இழை இழுக்கலாம். வெளி முற்றத்தில் போட்டே ஆகவேண்டுமென்றால் ஒரு பக்கமாகப் போட்டு, நடக்க மூன்றடியாவது விட்டுவிடுங்கள்.

கற்பூரம், ஊதுபத்தி, குத்துவிளக்கு எல்லாம் வெளி விறாந்தையில். ஒட்சிசன் பாவிக்கும் இடத்தில் நெருப்பே கூடாது. இளைப்பு உள்ளவருக்குச் சாம்பிராணிப் புகை இருமலைத்தான் கொடுக்கும். உள்ளே மின்கல விளக்கு போதும், மின்னி மின்னி அணைவதை விட்டு நிலையாக எரிய வையுங்கள். தரையில் வயர் இழுக்காதீர்கள்.

நிறைகுடமும் கரும்பும் தாதியர் மேசைப் பக்கம் இருக்கட்டும். ஒருவரின் அலுமாரியில் சாமிப் படம் வைக்கும் முன் அவரைக் கேளுங்கள். இங்கே ஒரே வார்ட்டில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும் இருப்பார்கள். ஆஸ்பத்திரியென்றால் தண்ணீர் ஊற்றிய பூச்சாடிகளுக்குத் தாதியிடம் அனுமதி கேட்கவேண்டும், நாட்பட்ட சாடித் தண்ணீரில் கிருமி பெருகும்.

கழற்றும் நாளை மறந்துவிடுவதும் ஒரு தவறுதான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் என்று முதலிலேயே எழுதிவையுங்கள். மாவிலை அதற்குள் சுருண்டு உதிரத் தொடங்கும். நிறைகுடத் தண்ணீரையும் அன்றே ஊற்றிவிடுங்கள். ஒரு வாரம் நின்றால் டெங்கு நுளம்புக்கு அது தொட்டில். செலோடேப்பால் ஒட்டினால் பெயின்ற் உரிந்து வரும், அதனால் ஏற்கனவே இருக்கும் ஆணிகளில் பருத்தி நூலால் கட்டுங்கள். நூலை வெட்டினால் தோரணம் முழுதாக இறங்கும், சுவர் அப்படியே இருக்கும்.