ஐந்து வருஷ பாலிசியில் ஓட்டுபவருக்கு எத்தனை வருஷம்? பைக் இன்சூரன்ஸ் பேப்பரை இப்படிப் பாருங்கள்

2024 நவம்பர் மழையில் வேளச்சேரி பக்கம் தண்ணீருக்குள் இருந்த பள்ளம் தெரியாமல் வண்டியோடு விழுந்தேன். முழங்கையில் நான்கு தையல், அவ்வளவுதான். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மனைவி கேட்டாள்: "இதுக்கு இன்சூரன்ஸ்ல ஏதாவது வருமாங்க?" ஐந்து வருஷ பாலிசியாச்சே என்று பேப்பரைத் தேடி எடுத்தேன். தையலுக்கு எதுவும் வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் தெரிந்தது. அன்று நான் செத்திருந்தாலும் அந்தப் பேப்பரால் வீட்டுக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது.

காரணம் எளிது. மூன்றாம் நபர் காப்பீடு என்பது நம் வண்டியால் அடிபடும் அடுத்தவருக்கு. தானாகச் சறுக்கி விழுந்தால் அங்கே நஷ்டஈடு கேட்க எதிரே யாரும் இல்லை. அப்படி விழுகிற வண்டி உரிமையாளருக்காகத்தான் பாலிசியோடு தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. பைக்குக்கு ஒரு காலத்தில் அது வெறும் ஒரு லட்சமாக இருந்தது. 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள்.

சரி, பேப்பரை எப்படிப் பார்ப்பது?

1. பிடிஎஃப் கோப்பைத் திறங்கள்

ஆப்பில் தெரியும் பச்சை டிக்கை நம்பாதீர்கள். எம்பரிவாகன் காட்டுவது வண்டிக்கு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பதை மட்டும்தான். சிக்னலில் மடக்கும் போலீஸுக்கும் அதுவே போதும். நமக்குப் போதாது. மெயிலில் வந்த பாலிசி பிடிஎஃப்பை, முடிந்தால் பெரிய திரையில், திறந்து `Owner` என்று தேடுங்கள். `PA Cover for Owner Driver` அல்லது `Compulsory PA` என்று ஒரு வரி வரும். சில கம்பெனிகள் `CPA` என்று சுருக்கியிருப்பார்கள். அதற்கு நேரே 15,00,000 என்ற தொகையும், வசூலித்த பிரீமியமும் இருக்க வேண்டும். பிரீமியம் இடத்தில் 0 என்று இருந்தால் உங்களுக்கு அந்தக் காப்பீடு இல்லை.

2. தேதி (நான் ஏமாந்த இடம்)

2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஷோரூமில் "அஞ்சு வருஷம் கவலையே வேணாம் சார்" என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான். ஆனால் ஒரே தாளில் மூன்று காப்பீடுகள் இருக்கின்றன, மூன்றுக்கும் முடியும் தேதி வேறுவேறாக இருக்கலாம்.

என் தாளில் இருந்தது இது. வண்டி வாங்கியது 12.9.2022. மூன்றாம் நபர் காப்பீடு 11.9.2027 வரை. வண்டிச் சேதத்துக்கானது 11.9.2023 வரை. எனக்கான விபத்துக் காப்பீடும் 11.9.2023 வரைதான். அதையும் ஐந்து வருஷத்துக்கு எடுத்திருக்கலாம். விலையைக் குறைத்துக் காட்ட ஷோரூமில் ஒரு வருஷத்துக்குப் போட்டிருக்கிறார்கள், நானும் கேட்கவில்லை. நான் விழுந்தது 2024 நவம்பரில். பதினான்கு மாதமாக வெறுங்கையோடு ஓட்டியிருக்கிறேன்.

"நடுவில் ரின்யூ செய்தாயே?" என்று நண்பர் கேட்டார். செய்தேன், இரண்டு முறை. ஆனால் அது வண்டிச் சேதத்துக்கு மட்டுமான பாலிசி. அதில் விபத்துக் காப்பீடு தானாக வராது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

3. ஆன்லைனில் அந்த டிக்

ரின்யூ செய்யும் பக்கத்தில் விபத்துக் காப்பீட்டை எடுத்துவிட்டால் தொகை சில நூறு ரூபாய் குறையும். எடுக்கும்போது காரணம் கேட்பார்கள். "ஏற்கெனவே வேறு விபத்துக் காப்பீடு இருக்கிறது" என்பது அதில் ஒன்று. ஆபீஸில் ஏதோ போட்டிருக்கிறார்களே என்று நான் அதை அழுத்தினேன். பிறகு எச்.ஆரிடம் கேட்டால், ஆபீஸ் பாலிசி ஐந்து லட்சத்துக்கு. விதிப்படி, குறைந்தது 15 லட்சத்துக்கு, 24 மணி நேரமும் செல்லும், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் சேர்ந்த பாலிசி இருந்தால்தான் இதை விடலாம். வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் திட்டமும் இரண்டு லட்சம்தான். அது இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் இந்தக் கணக்கில் சேராது.

4. மூன்று பெயர்கள், ஒரு லைசென்ஸ்

ஆர்சியில் இருப்பவர், பாலிசியில் இருப்பவர், ஓட்டியவர் மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். விபத்தன்று அவரிடம் காலாவதியாகாத லைசென்ஸும் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆர்சியை மட்டும் மாற்றிவிட்டுப் பாலிசியைப் பழைய ஓனர் பெயரிலேயே விட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. குடித்துவிட்டு ஓட்டினாலும் இல்லை.

நாமினி கட்டத்தையும் பாருங்கள். என் தாளில் கல்யாணத்துக்கு முன் எழுதிய அப்பா பெயர் அப்படியே இருந்தது.

5. என்ன கிடைக்கும்?

மரணம் என்றால் முழுத் தொகை. இரண்டு கை அல்லது கால், இரண்டு கண் பார்வை போனாலும் முழுத் தொகை. ஒரு கை, கால் அல்லது ஒரு கண் பார்வை போனால் பாதி, அதாவது ஏழரை லட்சம். எலும்பு முறிவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் எதுவும் இல்லை. அதற்கு மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும்.

6. இல்லை என்றால் என்ன செய்வது?

அடுத்த ரின்யூவல் வரை காத்திருக்க வேண்டாம். 2019-லிருந்து இதைத் தனிப் பாலிசியாகவே வாங்கலாம். பல இணையதளங்கள் இதை ஒளித்து வைத்திருப்பதால் நான் நேரே கிளை அலுவலகத்துக்குப் போனேன். ஆர்சி, லைசென்ஸ், நாமினி விவரம் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. என் சிபாரிசும் தனிப் பாலிசிதான். வண்டியை விற்றாலும் மாற்றினாலும் அது உங்களோடு இருக்கும், உங்கள் பெயரில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு முறை பணம் கட்டவும் வேண்டாம்.

பின்சேர்க்கை: தாம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "ஸ்கூட்டர் மனைவி பெயரில், ஓட்டுவது நான். அவள் பாலிசி எனக்கு வருமா?" பாலிசி வாசகப்படி வராது. அது ஆர்சியில் இருக்கும் உரிமையாளருக்கு. உங்கள் பெயரில் வண்டியோடு ஒட்டாத சாதாரண விபத்துக் காப்பீடு ஒன்று எடுங்கள். அது பஸ்ஸில் போனாலும், பின் சீட்டில் உட்கார்ந்தாலும் செல்லும்.

இன்னொன்று: கிளெய்ம் செய்து பார்த்த ஒரு வாசகர் எழுதியது. தானாக விழுந்த விபத்து என்றால் பலர் போலீஸுக்கே போவதில்லை. பிறகு கம்பெனி எஃப்ஐஆர் கேட்கும்போது கை பிசைவார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே விபத்துப் பதிவேட்டில், ஜி.எச்-இல் ஏ.ஆர் காப்பி என்பார்களே அதில், "பைக் ஓட்டிச் சென்றபோது விழுந்தார்" என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் "கீழே விழுந்தார்" என்று எழுதிவிட்டதால், வண்டியில்தான் போனார் என்று நிரூபிக்க விழுந்தவரின் குடும்பம் ஐந்து மாதம் அலைந்ததாம்.