நகரும் கப்பலைக் குறிவைப்பது எப்படி: 1916-ஆம் ஆண்டின் கடற்படைக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்

ஒரு தாள், பென்சில், அளவுகோல், கோணமானி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கவசத்துக்குக் கீழே இருந்த அறையில் மாலுமிகள் செய்த கணக்கை நாமே போட்டுப் பார்க்கப் போகிறோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். எதிரிக் கப்பல் 14,000 கஜம் தொலைவில், அதாவது ஏறத்தாழ 12.8 கிலோமீட்டரில் இருக்கிறது. பீரங்கிக் குண்டு அங்கே போய்ச் சேர 25 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சுடும் கப்பலும் ஓடுகிறது, இலக்கும் ஓடுகிறது. ஆகவே கப்பல் இப்போது இருக்கும் இடத்தில் சுட்டுப் பயனில்லை, 25 விநாடி கழித்து அது இருக்கப்போகும் இடத்தில் சுட வேண்டும்.

படி 1: தூரத்தை அளப்பது

இதற்குத் தூரமானி உண்டு. பிரிட்டிஷ் கப்பல்களில் பார் அண்ட் ஸ்ட்ரவுட் நிறுவனத்தின் 9 அடி நீளக் கருவி பரவலாக இருந்தது. நீண்ட குழாயின் இரு முனைகளிலும் இரண்டு கண்ணாடிகள். இலக்கின் படம் மேல் பாதி, கீழ் பாதி என்று வெட்டுப்பட்டுத் தெரியும். எதிரியின் பாய்மரக் கம்பம் போன்ற செங்குத்துக் கோடு இரண்டு பாதியிலும் ஒரே நேர்க்கோட்டில் வரும்வரை திருகைத் திருப்பினால் தூரம் கிடைக்கும்.

உண்மையில் இந்தக் கருவி அளப்பது ஒரு கோணத்தை. 3 கஜ அடிப்பக்கமும் 14,000 கஜ உயரமும் கொண்ட மிக ஒல்லியான முக்கோணத்தின் உச்சிக் கோணம் அது. அந்த முக்கோணத்தில் ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 கஜத்துக்கு மேல் தவறிவிடும். தூரம் இரட்டிப்பானால் பிழை நான்கு மடங்காகும். புகையும் மங்கலும் சேர்ந்தால் இன்னும் மோசம். 1916 மே 31 அன்று ஜட்லண்ட் போரில் பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டன. லயன் கப்பல் 18,500 கஜம் என்று நினைத்துச் சுடத் தொடங்கியபோது உண்மைத் தூரம் ஏறத்தாழ 16,000 கஜம்தான். முதல் குண்டுகள் எதிரியைத் தாண்டி வெகுதூரம் போய் விழுந்தன.

படி 2: வேகத்தை இரண்டாகப் பிரிப்பது

இந்தப் படிதான் முழு வித்தையின் உயிர். நிதானமாகச் செய்யுங்கள்.

நம் கப்பல் வடக்கே 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வீதம் போகிறது. எதிரி நம் முன்பக்கத்திலிருந்து வலப்புறம் 60 பாகையில் தெரிகிறான். அவன் தெற்கே 18 நாட் வேகத்தில் வருகிறான். நம்மிடமிருந்து அவனுக்கு ஒரு கோடு இழுங்கள். அதைப் பார்வைக்கோடு என்று சொல்வோம். இனி ஒவ்வொரு வேகத்தையும் இந்தக் கோட்டின் வழியே எவ்வளவு, குறுக்கே எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். 1 நாட்டுக்கு 1 செ.மீ. என்று வைத்து அம்பு வரைந்து, அம்பின் நுனியிலிருந்து பார்வைக்கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால் இரண்டு பங்கும் அளவுகோலிலேயே கிடைக்கும்.

நம் வேகத்தில் கோட்டின் வழியே 10 நாட். எதிரியின் வேகத்தில் 9 நாட். இரண்டும் நெருங்கும் திசையிலேயே இருப்பதால் தூரம் 19 நாட் வீதத்தில் குறைகிறது. குறுக்கே பார்த்தால் நாம் இடப்பக்கம் 17.3 நாட், அவன் வலப்பக்கம் 15.6 நாட். ஆகவே நம் கண்ணுக்கு அவன் வலப்பக்கமாக 33 நாட் வேகத்தில் நகர்கிறான்.

ஜான் டூமரெஸ்க் என்ற கடற்படை அதிகாரி இந்த வரைபடத்தையே நகரும் சட்டங்கள் கொண்ட ஒரு சிறு கருவியாகச் செய்தார். அதன் பெயரும் டூமரெஸ்க்தான். திருப்பி வைத்தால் இரண்டு பங்கையும் வாசித்துவிடலாம். அந்தக் காலத்தில் இதைவிட அழகான கருவி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

படி 3: குண்டு பறக்கும் நேரத்தைச் சேர்ப்பது

1 நாட் என்றால் நிமிடத்துக்கு 33.75 கஜம். 19 நாட் என்றால் நிமிடத்துக்கு 641 கஜம், 25 விநாடியில் 267 கஜம். எனவே பீரங்கியில் வைக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 13,730 கஜம். குறுக்கு நகர்வு இதே நேரத்தில் 463 கஜம். பீரங்கிக் குழாயை அந்த அளவுக்கு வலப்பக்கம் திருப்ப வேண்டும்.

படி 4: காற்று

காற்றே இல்லாத நாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 20 நாட்டில் ஓடும் கப்பலின் தளத்தில் நிற்பவருக்கு முகத்தில் 20 நாட் காற்று அடிக்கும். நாம் எல்லாவற்றையும் நம் கப்பலிலிருந்து பார்த்துக் கணக்கிடுவதால் குண்டுக்கும் அந்தக் காற்றையே எண்ண வேண்டும். அதையும் அதே பார்வைக்கோட்டில் பிரியுங்கள். 10 நாட் எதிர்க்காற்றாகிக் குண்டைக் குறையாக விழவைக்கும். 17.3 நாட் அதை வலப்பக்கம் தள்ளும். எத்தனை கஜம் திருத்த வேண்டும் என்பது அந்தப் பீரங்கிக்கான அட்டவணையில் இருக்கும். ஆனால் 25 விநாடி பறக்கும் குண்டு ஏறத்தாழ 750 மீட்டர் உயரம் போய்வருகிறது. அங்கே வீசும் காற்று தளத்தில் வீசும் காற்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 5: கடிகாரத்தை ஓடவிடுவது

சரி, தூரம் நிமிடத்துக்கு 641 கஜம் குறைகிறது. ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டிருக்காமல், தூரக் கடிகாரம் என்ற கருவியில் இந்த வீதத்தை வைத்தால் முள் தானே நகர்ந்து அப்போதைய தூரத்தைக் காட்டும்.

அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இரு கப்பல்களும் நேராகவே போனாலும் வீதம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடம் கழித்துப் படத்தை மறுபடி வரைந்து பாருங்கள். எதிரி இப்போது 60 பாகையில் இல்லை, 75 பாகையில் தெரிகிறான். நெருங்கும் வேகம் 19 நாட்டிலிருந்து 9.6 நாட்டாகச் சரிந்துவிட்டது. பழைய வீதத்திலேயே ஓடிய கடிகாரம் 12,076 கஜம் என்று காட்டும். உண்மைத் தூரம் 12,527 கஜம். 450 கஜப் பிழை! டூமரெஸ்க்கை அடிக்கடி பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தியாக வேண்டும். பின்னால் வந்த கணக்கிடும் கருவிகளான டிரையர் மேசையும் ஆர்தர் பொல்லனின் ஆர்கோ கடிகாரமும் இந்த மாறும் வீதத்தோடு மல்லுக்கட்டப் பிறந்தவைதான். டிரையர் மேசையில் தூரமானி தரும் அளவுகளை நகரும் தாளில் புள்ளிகளாக வைப்பார்கள். புள்ளிகள் ஓடும் சாய்வே வீதம்.

படி 6: தண்ணீர்த் தூண்களைப் படிப்பது

இத்தனை செய்தாலும் முதல் குண்டு படுவது அரிது. அதனால் பல பீரங்கிகளை ஒன்றாகச் சுட்டு, கம்பத்தின் உச்சியில் இருப்பவர் எழும் தண்ணீர்த் தூண்களைப் பார்ப்பார். தூண் எதிரியை மறைத்தால் குண்டு குறை. எதிரியின் பின்னால் தெரிந்தால் குண்டு தாண்டிவிட்டது. பக்கவாட்டில் விலகி விழுந்தால் இரண்டில் எது என்று சொல்லவே முடியாது, எனவே முதலில் திசையைச் சரிசெய்வார்கள், தூரம் அப்புறம். சில தூண்கள் முன்னும் சில பின்னும் எழுந்தால் தூரம் பிடிபட்டது என்று அர்த்தம். உடனே வேகமாகச் சுடத் தொடங்குவார்கள்.

அந்த நேரம் பார்த்து எதிரி மேற்கே திரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படி 2-ஐ 60 பாகைக்கே மீண்டும் போடுங்கள். நெருங்கும் வேகம் 25.6 நாட்டாக ஏறுகிறது. குறுக்கு வேகம் 33-இலிருந்து 8.3 நாட்டாக விழுகிறது. பழைய திருத்தத்தோடு சுட்ட குண்டுகள் எல்லாம் ஏறத்தாழ 350 கஜம் வலப்பக்கம் விலகி விழும். கப்பலின் நீளமே 200 கஜம்தான். அதுவரை ஒழுங்காக எழுந்த தூண்கள் திடீரென்று ஒரே பக்கமாக விலகினால், உச்சியில் இருப்பவர் தூரத்தைத் தொடமாட்டார். எதிரியின் திசையை டூமரெஸ்க்கில் மாற்றச் சொல்லிக் கீழே குரல் கொடுப்பார்.