அங்ககச் சான்று: மாறுதல் காலக் கணக்கில் நேரும் தவறுகள்

நீலகிரியில் அங்ககச் சான்று கேட்டு விண்ணப்பிக்கும் காய்கறி விவசாயிகள் பலர், இரசாயன உரத்தை நிறுத்திய நாளிலிருந்தே, நிலம் அங்கக முறைக்கு மாறுவதற்கான மாறுதல் காலத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ்ச் சான்று பெறுவோருக்கு, தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை போன்ற சான்றளிப்பு அமைப்பின் கண்காணிப்புக்குள் நிலம் வந்த பிறகே அந்தக் காலம் பொதுவாகக் கணக்கில் ஏறும். முந்தைய ஆண்டுகளைச் சேர்க்க வேண்டுமானால், எழுத்துப்பூர்வமான ஆதாரத்தைக் காட்டி அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும், வாய்வார்த்தை போதாது.

அடுத்த தவறு, இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் கைக்கு வரும் விளைச்சலெல்லாம் அங்ககம் என்று கருதுவது. ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன்பே இரண்டு ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒருவரின் நிலத்துக்கு 2023 ஜூலை 1 முதல் கணக்குத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அவர் 2025 ஏப்ரலில் கார்போகத்தில் விதைத்த கேரட்டை ஆகஸ்டில் பிடுங்கினாலும் அது அங்ககக் கேரட் ஆகாது, ஏனெனில் விதைத்தபோது காலம் முடியவில்லை. அந்த ஆகஸ்டில் கடைபோகத்துக்கு விதைப்பதுதான் முதல் அங்ககப் பயிர். ஓரத்தில் தேயிலை இருந்தால், அது பல்லாண்டுப் பயிர் என்பதால், மூன்று ஆண்டுகள் கழித்து, 2026 ஜூலை முதல் பறிக்கும் இலைக்கே அந்தத் தகுதி உண்டு. அதையும் சான்று பெறாத ஆலையில் மற்றவர் இலையோடு கலந்து அரைத்துவிட்டால் தகுதி போய்விடும்.

மலைச்சரிவில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல்வயலில் தெளித்த மருந்து மழைநீரோடு நம் பாத்திக்கு இறங்கும். ஆகவே நீரைத் திருப்பும் வாய்க்காலும், இரு வயலுக்கும் நடுவே இடைவெளிப் பட்டையும் ஆய்வுக்கு முன்பே இருக்க வேண்டும்; அந்தப் பட்டையில் விளைவதை அங்ககம் என்று விற்கக் கூடாது.

ஆய்வாளர் பெரும்பாலும் பதிவேட்டிலேயே குறையைக் கண்டுபிடிப்பார். அரை ஏக்கரில் நான்கு டன் கேரட் விளையும் என்று மதிப்பிட்டிருக்க, விற்பனைச் சீட்டுகள் ஆறு டன் காட்டினால், மீதி இரண்டு டன் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். சர்வே எண், விதைத்த நாள், இட்ட எரு, அறுவடை எடை ஆகியவற்றை அன்றன்றே எழுதாமல் ஆய்வுக்கு முந்தின இரவு ஒரே மையில் நிரப்பிய நோட்டு அவருக்கு உடனே புலப்பட்டுவிடும். விதைப் பாக்கெட்டையும் வீசிவிடக் கூடாது. பூஞ்சாணக் கொல்லி பூசாத விதை என்பதற்கு அதன் அட்டையே சாட்சி.

மாறுதல் காலத்தில் விளைந்ததை முழு அங்ககப் பொருள் என்று விற்கவோ, அதன் மேல் இந்தியா ஆர்கானிக் முத்திரையை இடவோ கூடாது. முழுச் சான்று வந்த பிறகும், சான்றுள்ள வியாபாரிக்கு அங்ககப் பொருளாகச் சரக்கு அனுப்பும்போது அந்தச் சரக்குக்கான பரிவர்த்தனைச் சான்றையும் சான்றளிப்பு அமைப்பிடம் கேட்டுப் பெற வேண்டும். நிலத்துக்கான சான்றின் நகல் அதற்கு ஈடாகாது.