டெமோவில் குழு அறிமுகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி ப்ராஜெக்ட் ரிவ்யூக்களில் இப்போது நான் கேள்வி கேட்கும் பக்கம் உட்காருகிறேன். இந்த வாரம் பார்த்த ஐந்து குழுக்களில் மூன்று, கல்லூரிக் கடைசி வருடத்தில் நான் செய்த அதே தவறைச் செய்தன. பெயரைத் தடுமாறிச் சொல்வது, மைக்கை மறப்பதெல்லாம் ஒரு ஒத்திகையில் சரியாகிவிடும். அதை விடுவோம்.

வேலையைச் சொல்லாமல் பிரிவைச் சொல்வது

"இவர் பேக்எண்ட், இவர் ஆப், இவங்க ஹார்டுவேர், இவங்க டாக்குமெண்டேஷன்." நானும் இப்படித்தான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கல்லூரிப் பேருந்து எங்கே வருகிறது என்று போனில் காட்டுவது எங்கள் ப்ராஜெக்ட். நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலை மேசைமேல் வைத்திருந்தோம். மேலே கான்கிரீட் கூரை. சாட்டிலைட் சிக்னல் கிடைத்தால் மின்ன வேண்டிய சின்ன எல்இடி மின்னவே இல்லை.

"ஏன் லொகேஷன் வரவில்லை?" என்று தேர்வாளர் என்னிடம் கேட்டார். அதுவரை பேசியது நான் மட்டும்தானே! நான் சர்வரைக் குறை சொன்னேன். ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் போதும் என்பது ஹார்டுவேர் செய்த தோழிக்குத் தெரியும். பல நாள் மொட்டைமாடியில் நின்று சோதித்தவர் அவர். ஆனால் அவர் குரலே அந்த அறையில் எழவில்லை. நடுவில் குறுக்கிடத் தயங்கி நின்றுவிட்டார். மதிப்பெண் தனித்தனியாகப் போடும் ரிவ்யூ அது. குறைந்தது அவருக்குத்தான். இன்றைக்கும் அந்த "இவங்க ஹார்டுவேர்" காதில் விழுந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று அவர் சொல்லியிருக்க வேண்டிய வரி இது: "பேருந்தில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியை நான் செய்தேன். சிக்னல் எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் காட்டுகிறேன்." என்ன செய்தோம், டெமோவில் அது எங்கே தெரியும், இரண்டும் வந்துவிட்டன. எட்டு, பத்து விநாடி போதும். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தேர்வாளருக்கும் தெரிந்துவிடும்.

அவரவர் வரியை அவரவரே சொல்லட்டும். முதல் நிமிடத்தில் வாய் திறந்தவருக்கு, ஐந்தாவது நிமிடத்தில் பேசுவது எளிது. ரொம்பக் கூச்சப்படுபவர் என்றால் வரியைத் தலைவர் சொல்லலாம். அப்புறம் அந்தப் பகுதியை இயக்கிக் காட்டுவது கூச்சப்படுபவரின் கையாகத்தான் இருக்க வேண்டும்.

"உதவி செய்தார்"

இந்தச் சொல்லே வேண்டாம். ரிப்போர்ட் எழுதியவர் என்றால், எத்தனை பேருந்துப் பயணங்களின் பதிவைச் சரிபார்த்து எழுதினார் என்று சொல்லுங்கள்.

தலைவர் முதலில்

டெமோவில் யார் பகுதி முதலில் வருகிறதோ, அவர் முதலில்.

வராதவரை விட்டுவிடுவது

அவர் வரியையும் சொல்லுங்கள். அவர் பகுதிக்கு யார் பதில் சொல்வார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.