ஊசல் பாடத்தைக் கேள்வியில் தொடங்குங்கள்

முதல் பாடவேளையில் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி ஆட்டிவிட்டு, "இது வேகமாக ஆட எதை மாற்றலாம்?" என்று மட்டும் கேளுங்கள். எடை, நீளம் என்று பிள்ளைகள் சொல்வதையெல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். சரி, தவறு சொல்ல வேண்டாம்.

அடுத்த பாடவேளையில் எடையை மட்டும் மாற்றி, 10 அலைவுகளுக்கான நேரத்தை அளக்கட்டும். நட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கட்டினால் ஊசலின் நீளமும் கூடிவிடும். "கனமானது மெதுவா ஆடுது சார்" என்பார்கள். உடனே திருத்தாமல், "எடை மட்டும்தானா மாறியது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வகுப்பில் பாதி நேரம் போனாலும் நல்லதே. எல்லா நட்டையும் ஒரே கொக்கியில் மாட்டினால் நேரம் மாறாது.

மூன்றாவது பாடவேளையில் நீளம்: 25 செ.மீ.க்குச் சுமார் 10 வினாடி, 100 செ.மீ.க்கு 20. அட்டவணையில் இதை அவர்களே கண்டபிறகு சூத்திரத்தை எழுதுங்கள்.